பேரவைக் கூட்ட அறிவிப்பு: பதினான்கு நாட்களை எங்கிருந்து எண்ணுவது?

கூட்டுறவுச் சங்கங்களின் ஆண்டுப் பேரவைக் கூட்டத் தீர்மானங்களை எதிர்த்து உறுப்பினர்கள் பதிவாளரிடம் செல்லும்போது, தீர்மானம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு முன்பே இரண்டு கேள்விகள் எழுகின்றன. கூட்ட அறிவிப்பு உரிய நாட்களுக்கு முன் கொடுக்கப்பட்டதா, அந்தப் பொருள் நிரலில் இருந்ததா என்பவையே அவை. இரு தரப்பும் ஒரே துணைவிதியைப் படித்துவிட்டு, ஒரு தரப்பு பதினைந்து நாள் கொடுத்தோம் என்றும் மறு தரப்பு ஒன்பது நாள்தான் கிடைத்தது என்றும் சொல்வது உண்டு. இருவரும் பொய் சொல்லவில்லை. எண்ணத் தொடங்கிய நாள்தான் வேறு.

அறிவிப்பு எதற்காக?

பேரவை என்பது வாக்குரிமை உள்ள எல்லா உறுப்பினர்களும் சேர்ந்த அமைப்பு. ஆனால் எந்தக் கூட்டத்துக்கும் எல்லோரும் வருவதில்லை. ஆயிரம் பேர் உள்ள சங்கத்தில் இருநூறு பேர் கூடி எடுக்கும் முடிவு வராத எண்ணூறு பேரையும் கட்டுப்படுத்துகிறது என்றால், அதற்கான நியாயம் ஒன்றே: வராதவர்களுக்கும் கூட்டம் எப்போது, எங்கே, எதைப் பற்றி என்று முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது, தெரிந்தும் அவர்கள் வராமல் இருந்தார்கள். ஆகவே அறிவிப்பைக் குறையில்லாமல் கொடுப்பதுதான் கூடியவர்களின் முடிவைச் சங்கத்தின் முடிவாக்குகிறது. அதனால்தான் அறிவிப்புக் குறையை அலுவலகத் தவறு என்று சொல்லி எளிதில் கடந்துவிட முடிவதில்லை.

கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் பொதுவாக நிர்வாகக் குழுவுக்கு உரியது. குழு கூடி நாள், நேரம், இடம், பொருள் நிரல் ஆகியவற்றைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். செயலாளர் அந்தத் தீர்மானத்தின்படி கையொப்பமிட்டு அறிவிப்பை அனுப்புகிறார். தலைவர் தொலைபேசியில் சொன்னார் என்பதற்காகச் செயலாளரே நாளைக் குறித்து அனுப்பிய அறிவிப்பு, நாள் கணக்கு சரியாக இருந்தாலும், அடித்தளத்திலேயே பழுதுடையது.

‘தெளிவான நாட்கள்’ என்றால் என்ன?

துணைவிதிகளில் அறிவிப்புக் காலம் பல விதமாக எழுதப்பட்டிருக்கும். “பதினான்கு நாள் அறிவிப்பு” என்று இருக்கலாம். “பதினான்கு நாட்களுக்குக் குறையாத அறிவிப்பு” என்று இருக்கலாம். “பதினான்கு தெளிவான நாட்கள்” அல்லது “பதினான்கு முழு நாட்கள்” என்றும் இருக்கலாம். கடைசி வகையில் மட்டும்தான் எண்ணும் முறை சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. அறிவிப்பு உறுப்பினருக்குச் சேர்ந்த நாளை எண்ணக்கூடாது. கூட்டம் நடக்கும் நாளையும் எண்ணக்கூடாது. இரண்டுக்கும் நடுவே பதினான்கு நாட்கள் முழுதாக இருக்க வேண்டும்.

‘தெளிவான’ என்ற சொல் இல்லாத இடங்களில் என்ன செய்வது என்பதில் குழப்பம் புதிதல்ல. 1936இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று ஹெக்டர் வேலிங் என்ற நிறுவனத்தின் வழக்கில், சட்டம் வெறுமனே “இருபத்தொரு நாட்களுக்குக் குறையாத அறிவிப்பு” என்று சொன்னபோதும், சேர்ந்த நாளையும் கூட்ட நாளையும் விட்டுவிட்டே எண்ண வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிற்காலச் சட்டங்கள் சில இந்த ஐயத்துக்கே இடம் வைக்காமல் எழுதப்பட்டன. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் பொதுக்கூட்டத்துக்கு இருபத்தொரு தெளிவான நாட்கள் என்கிறது. 2002ஆம் ஆண்டு பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், துணைவிதித் திருத்தத்தைப் பற்றி உறுப்பினர்களுக்குப் பதினைந்து தெளிவான நாள் அறிவிப்பு கொடுக்காவிட்டால் அந்தத் தீர்மானம் செல்லாது என்கிறது.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். எத்தனை நாள் என்பது அந்தந்தச் சட்டத்தையும் துணைவிதியையும் பொறுத்தது. நிறுவனங்களுக்காக எழுதப்பட்ட மாதிரி அறிவிப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் சங்கங்கள், தம் துணைவிதியைத் திறந்தே பார்க்கவில்லை என்பதைத் தாமே எழுத்தில் ஒப்புக்கொள்கின்றன. துணைவிதியில் ‘தெளிவான’ என்ற சொல் இல்லாவிட்டாலும் அது இருப்பதாகக் கொண்டு எண்ணுவதே பாதுகாப்பு. இரண்டு நாள் கூடுதலாகக் கொடுத்ததற்காக யாரும் வழக்குப் போட்டு வெல்ல முடியாது.

அனுப்பிய நாளும் சேர்ந்த நாளும்

கணக்கு தவறும் இடம் பெரும்பாலும் இதுதான். அறிவிப்பின் தலைப்பில் ஒரு நாள் அச்சிடப்பட்டிருக்கும்; அது எழுதப்பட்ட நாள். அஞ்சலில் சேர்த்த நாள் வேறு. உறுப்பினர் கைக்கு வந்த நாள் இன்னொன்று. ஆயிரம் உறுப்பினர்களுக்கு ஆயிரம் வெவ்வேறு நாட்களில் கடிதம் சேரும் என்பதால், நல்ல துணைவிதிகள் ‘சேர்ந்ததாகக் கருதப்படும் நாள்’ ஒன்றை வகுத்து வைத்திருக்கும். அஞ்சலில் சேர்த்த நாளை அடுத்த மூன்றாம் நாள் சேர்ந்ததாகக் கருதப்படும் என்பது போன்ற விதி அது. துணைவிதி மௌனமாக இருந்தால் பொதுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 1897ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டம், சரியான முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் வழக்கமான அஞ்சல் ஓட்டத்தில் எப்போது சேருமோ அப்போது சேர்ந்ததாக, மாறாக நிரூபிக்கப்படாதவரை, கொள்கிறது.

தெளிவான நாட்களை இந்தச் ‘சேர்ந்ததாகக் கருதப்படும் நாளுக்கு’ மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். அறிவிப்பின் தலைப்பில் உள்ள நாளுக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பே இல்லை.

ஒரு கணக்கு, நாள் நாளாக

ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது; பேரவையை ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30க்குள் கூட்டியாக வேண்டும். துணைவிதி கேட்பது பதினான்கு தெளிவான நாட்கள். அஞ்சலில் சேர்த்த நாளை விட்டு மூன்றாம் நாள் கடிதம் சேர்ந்ததாகக் கருதப்படும். நிர்வாகக் குழு 27.09.2026 ஞாயிற்றுக்கிழமையைக் கூட்ட நாளாக முடிவு செய்கிறது. இங்கே பின்னோக்கி எண்ணுவதே எளிது.

1. கூட்ட நாளான 27ஐ விட்டுவிடுகிறோம். அதற்கு முந்திய 26ஆம் தேதிதான் எண்ணிக்கையில் கடைசி நாள்.

2. 26இலிருந்து பின்னோக்கிப் பதினான்கு நாட்கள் எண்ணினால் 13ஆம் தேதி வருகிறது. 13 முதல் 26 வரை இரு முனைகளும் உட்பட எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம், பதினான்கு வரும்.

3. ஆகவே அறிவிப்பு சேர்ந்ததாகக் கருதப்படும் நாள் 12ஆம் தேதிக்குப் பிந்தக்கூடாது.

4. அதற்கு மூன்று நாள் முன்பு, அதாவது 9ஆம் தேதி புதன்கிழமை, அஞ்சலில் சேர்ப்பதற்கான கடைசி நாள்.

இனித் தவறு நடக்கும் விதத்தைப் பார்ப்போம். செயலாளர் நாட்காட்டியை எடுத்து, 27இலிருந்து 12ஐக் கழித்துப் பதினைந்து என்று கண்டு, ஒரு நாள் கையிருப்பு இருப்பதாகவே நினைத்து, 12.09.2026 என்று நாளிட்டு அறிவிப்பை அச்சிடுகிறார். அன்று சனிக்கிழமை. உறைகளில் முகவரி ஒட்டி முடியும்போது அஞ்சலகம் மூடியாயிற்று. மறுநாள் ஞாயிறு. 14ஆம் தேதி திங்கட்கிழமை கட்டு அஞ்சலகம் போய்ச் சேர்கிறது. சேர்ந்ததாகக் கருதப்படும் நாள் 17. தெளிவான நாட்கள் 18 முதல் 26 வரை: ஒன்பது. செயலாளர் கணக்கில் ஒரு நாள் மிச்சம். துணைவிதியின் கணக்கில் ஐந்து நாள் பற்றாக்குறை. தவறு 15ஆம் தேதியே கண்ணில் பட்டாலும் திருத்துவதற்கு வழியில்லை. அன்றே புதிய அறிவிப்பு அனுப்பினாலும் அது சேர்ந்ததாகக் கருதப்படும் நாள் 18. பதினான்கு தெளிவான நாட்கள் அக்டோபர் 2இல்தான் முடியும். கூட்டத்தை அக்டோபர் 3க்கு முன் வைக்க முடியாது. செப்டம்பர் 30 தாண்டிவிடுகிறது. நிதியாண்டு முடிந்த ஆறாம் மாதத்தின் கடைசி ஞாயிறைக் கூட்ட நாளாகத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தின் ஆபத்து இதுவே.

இந்தச் சங்கத்தின் நிரலில் துணைவிதித் திருத்தமும் இருந்து, அதற்குச் சட்டம் பதினைந்து தெளிவான நாள் கேட்கிறது என்றால் கணக்கு மறுபடி நகரும். எண்ணிக்கை 12 முதல் 26 வரை. சேர்ந்ததாகக் கருதப்படும் கடைசி நாள் 11. அஞ்சலில் சேர்க்கும் கடைசி நாள் 8. ஒரே அறிவிப்பில் பல பொருட்கள் போகும்போது மிக நீண்ட காலத்தைக் கேட்கும் பொருளே முழு அறிவிப்பின் நாளையும் நிர்ணயிக்கட்டும். 9ஆம் தேதி அனுப்பியிருந்தால் கணக்கு வழக்குகள் ஏற்கப்பட்டது செல்லும், திருத்தம் மட்டும் செல்லாது என்ற விசித்திர நிலை வரும்.

அறிவிப்பின் வாசகம்

அறிவிப்பில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. கூட்டும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, எந்த ஆண்டுக்கான எந்தக் கூட்டம், கிழமையோடு நாள், நேரம், தெளிவான இடம், அறிவிப்புக் காலம், பொருள் நிரல் ஆகியவை இருந்தால் போதும். மேலே சொன்ன சங்கம் ஒழுங்காக அனுப்பியிருந்தால் அதன் வாசகம் ஏறத்தாழ இப்படி அமைந்திருக்கும்:

> நாள்: 05.09.2026
>
> சங்கத் துணைவிதி எண் ……இன்படியும், 29.08.2026 அன்று நடைபெற்ற நிர்வாகக் குழுக் கூட்டத்தின் தீர்மானம் எண் ……இன்படியும், சங்கத்தின் 2025–26ஆம் நிதியாண்டுக்கான ஆண்டுப் பேரவைக் கூட்டம் 27.09.2026 ஞாயிற்றுக்கிழமை காலை 10.30 மணிக்குச் சங்கத்தின் பதிவு அலுவலக வளாகத்தில் நடைபெறும் என்று உறுப்பினர்கள் அனைவருக்கும் இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.
>
> இவ்வறிவிப்பு உறுப்பினருக்குச் சேர்ந்ததாகக் கருதப்படும் நாளும் கூட்டம் நடைபெறும் நாளும் நீங்கலாக, பதினைந்து முழு நாட்களுக்குக் குறையாத கால அவகாசத்துடன் அனுப்பப்படுகிறது.
>
> இணைப்பில் கண்டுள்ள பொருள் நிரலின்படி கூட்டம் நடத்தப்படும். தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளின் நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.
>
> நிர்வாகக் குழுவின் ஆணைப்படி,
> செயலாளர்

இரண்டாவது பத்தியில் எண்ணை எழுதியதால் மட்டும் எதுவும் சரியாகிவிடாது. பதினைந்து நாள் என்று எழுதிவிட்டு ஒன்பது நாள் கொடுத்தால், சங்கம் தன் அறிவிப்பாலேயே பிடிபடும். ஆனாலும் அந்தப் பத்தியை எழுதுவதில் ஒரு பயன் உண்டு: அதை எழுதும் கை ஒருமுறையாவது நின்று எண்ணிப் பார்க்கும். 5ஆம் தேதியே அஞ்சலில் சேர்த்திருந்தால் சேர்ந்ததாகக் கருதப்படும் நாள் 8. தெளிவான நாட்கள் 9 முதல் 26 வரை பதினெட்டு. திருத்தத்துக்கான காலம் போக மூன்று நாள் மிஞ்சுகிறது.

அறிவிப்போடு கோப்பில் இருக்க வேண்டிய தாள் இன்னொன்று உண்டு: யார் யாருக்கு, எந்த முகவரிக்கு, எந்த நாளில் அனுப்பப்பட்டது என்ற பட்டியலும் அஞ்சலக ரசீதும். நேரில் கொடுத்திருந்தால் நாளோடு கையொப்பம். சில மாதங்கள் கழித்து விசாரணை வரும்போது நினைவாற்றல் யாருக்கும் கைகொடுக்காது.

பொருள் நிரலில் எதை, எப்படி எழுதுவது?

ஆண்டுப் பேரவையில் ஆண்டுதோறும் வரும் பொருட்கள் சில உண்டு. முந்தைய கூட்ட நடவடிக்கைக் குறிப்பை உறுதி செய்தல், ஆண்டறிக்கை, தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள், தணிக்கைக் குறைகளும் அவற்றுக்கான நிவர்த்தியும், நிகர இலாபப் பங்கீடு, வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் ஆகியவை அவை. இவற்றை ஒவ்வொரு வரியில் எழுதினால் போதும். உறுப்பினருக்கு இவை வரும் என்று முன்பே தெரியும்.

தனி அக்கறை வேண்டியவை வழக்கத்துக்கு மாறான பொருட்கள்: துணைவிதித் திருத்தம், உறுப்பினர் நீக்கம், சொத்து விற்பனை, பெரிய கடன், வேறு சங்கத்தோடு இணைதல் போன்றவை. இங்கே ஒரே ஒரு சோதனைதான். இந்த வரியை வீட்டில் உட்கார்ந்து படிக்கும் உறுப்பினரால், இதற்காக நான் போக வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடிகிறதா?

“துணைவிதித் திருத்தம் குறித்து” என்று எழுதினால் முடியாது. எந்த விதி, இப்போது என்ன இருக்கிறது, என்னவாக மாறப்போகிறது, ஏன் என்பவை வேண்டும். நிர்வாகக் குழு உறுப்பினர் எண்ணிக்கையை ஒன்பதிலிருந்து பதினொன்றாக உயர்த்துவது திருத்தம் என்றால், நடப்பு வாசகத்தையும் முன்மொழியும் வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு இணைக்க வேண்டும். “சொத்து குறித்து விவாதித்தல்” என்று போட்டுவிட்டு மனையை விற்கத் தீர்மானிப்பதும் இதே வகைதான். விவாதிக்கிறோம் என்று அழைத்த கூட்டத்தில் விற்க முடியாது. “விற்க முடிவெடுத்தல்” என்று அழைத்திருக்க வேண்டும்.

இதற்குப் பொருத்தமான பழைய வழக்கு ஒன்று 1920இல் லண்டனில் முடிவானது. லேடீஸ் இம்பீரியல் கிளப் என்ற பெண்கள் மன்றத்தின் செயற்குழு ஓர் உறுப்பினரை நீக்கியது. கூட்டப் பொருளாக எழுதியிருந்ததோ இரண்டு உறுப்பினர்களைப் பற்றிய விஷயத்தை அறிக்கையிட்டு விவாதிப்பது என்று மட்டுமே. அதோடு, வர இயலாது என்று முன்பே தெரிவித்திருந்த குழு உறுப்பினர் ஒருவருக்கு அறிவிப்பே அனுப்பவில்லை. வரமாட்டார் என்று சொன்னவருக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. நீக்குவது பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள் என்பது அந்த வாசகத்திலிருந்து தெரியவில்லை. வரமாட்டேன் என்றவருக்கும் அறிவிப்பு போயிருக்க வேண்டும். நீக்கம் செல்லாமல் போனது. அது குழுக் கூட்டம்தான் என்றாலும், காரணம் பேரவைக்கும் அப்படியே பொருந்தும்.

நிரலின் கடைசியில் “தலைவர் அனுமதியுடன் பிற பொருட்கள்” என்ற வரி தவறாமல் இடம்பெறும். பாராட்டு, இரங்கல், ஒரு கேள்வி, அடுத்த ஆண்டுக்கான யோசனை ஆகியவற்றுக்கு அது போதும். பணத்தையோ உரிமையையோ தொடும் எதையும் அந்த வாசலில் நுழைத்தால் அது நிற்காது. கூட்டத்தில் உள்ள எல்லோரும் கைதட்டி ஏற்றார்கள் என்பதும் உதவாது. கைதட்டியவர்கள் வந்தவர்கள், குறை வராதவர்களுடையது.

யாருக்கு அனுப்பாமல் விடலாம்?

அனுப்பப்படும் நாளில் பதிவேட்டில் உள்ள உறுப்பினர் எவரையும் விடக்கூடாது. தவணை தவறியதால் வாக்களிக்க முடியாதவர் என்று செயலாளர் கருதும் உறுப்பினரையும் விடக்கூடாது, ஏனெனில் கூட்டத்துக்குள் அவர் பாக்கியைக் கட்டிவிடக் கூடும், அல்லது அந்தக் கருத்தே தவறாக இருக்கக் கூடும்.

பல துணைவிதிகளில் ஒரு காப்பு வாசகம் இருக்கும்: தற்செயலாக ஓர் உறுப்பினருக்கு அறிவிப்பு அனுப்ப விடுபட்டாலும், அல்லது அவருக்கு அது கிடைக்காமல் போனாலும், கூட்டம் செல்லாததாகாது. இது காப்பாற்றுவது உண்மையான தற்செயலை மட்டுமே. முகவரித் தாள் ஒன்று அச்சுப் பொறியில் சிக்கி நான்கு பேர் விடுபட்டது தற்செயல். இவர் உறுப்பினரே அல்ல என்று தவறாக எண்ணி விட்டுவிட்டது தற்செயல் அல்ல. 1962இல் இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்தின் வழக்கில் இதையே நீதிமன்றம் சொன்னது. பங்கை விற்க ஒப்பந்தம் செய்திருந்தும் பதிவேட்டில் பெயர் நீக்கப்படாதவர்களை உறுப்பினர் அல்ல என்று கருதி விட்டிருந்தார்கள்.

குறைவெண் இல்லாமல் ஒத்திவைத்தால்

குறைவெண், அதாவது கோரம், சேராவிட்டால் அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் கூடி, குறைவெண் இல்லாமலே நடத்துவோம் என்று அறிவிப்பில் எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. இதைத் துணைவிதி அனுமதித்தால் மட்டுமே எழுதலாம். அறிவிப்பில் எழுதியதாலேயே அந்த அதிகாரம் பிறக்காது. துணைவிதி ஏழு நாள் கழித்து என்று சொன்னால் ஏழு நாள்தான். ஒத்திவைத்த கூட்டத்தில் பழைய நிரலில் உள்ள பொருட்களை மட்டுமே எடுக்கலாம். புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் அது புதிய கூட்டம், புதிய அறிவிப்பு, மறுபடியும் முதலிலிருந்து பதினான்கு நாட்கள்.

குறை தெரிந்த பிறகு

கூட்டத்துக்கு முன்பே தெரிந்தால் வழி எளிது. நிர்வாகக் குழு கூடி அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்று, புதிய நாளோடு மற்றொன்றை அனுப்ப வேண்டும். பழைய அறிவிப்புக்குத் திருத்தம் என்று நாளை மட்டும் மாற்றி ஒரு குறுஞ்செய்தி விடுவது புது அறிவிப்பாகாது. ஆறு மாதக் கெடு தாண்டும் என்றால், எதனால் தாண்டுகிறது என்பதை எழுத்தில் பதிவாளருக்கு முன்கூட்டியே தெரிவித்து, சட்டம் இடம் தரும் இடத்தில் கால நீட்டிப்புக் கேட்பது, குறையுள்ள கூட்டத்தைக் கெடுவுக்குள் நடத்திவிடுவதைவிடக் குறைந்த சேதம் தரும்.

கூட்டம் முடிந்த பிறகு தெரிந்தால், எந்தத் தீர்மானம் எந்தக் குறையால் பாதிக்கப்பட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நாள் குறைவு எல்லாத் தீர்மானங்களையும் தொடும். நிரலில் தெளிவில்லாமை அந்த ஒரு பொருளை மட்டும் தொடும். இரண்டாவது வகையில், அந்தப் பொருளுக்காக மட்டும் உரிய அறிவிப்போடு சிறப்புப் பேரவை கூட்டி மறுபடி வாக்கெடுப்பு நடத்தலாம். அதுவரை அந்தத் தீர்மானத்தின்படி பணம் கொடுப்பதையோ பத்திரம் எழுதுவதையோ நிறுத்தி வைக்க வேண்டும், ஏனெனில் தீர்மானத்தைத் திரும்ப நிறைவேற்றலாம், பதிவான பத்திரத்தைத் திரும்பப் பெறுவது அவ்வளவு எளிதல்ல.